நடுவில் சுண்டினால் ஒரு குரல், ஓரத்தில் சுண்டினால் இன்னொரு குரல்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, விளையாட்டுப்போட்டியையும் மதிலேறிப் பாய்ந்ததையும் எப்படியும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள் என்று விட்டுவிட்டு, பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் கிடந்த சுரமானியைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். நீளமான மரப்பெட்டி, மேலே ஒரு கம்பி, தொங்குவதற்குப் படிகள். எங்களில் அனேகருக்கு அது செக்கனுக்கு 256 தரம் அதிரும் இசைக்கவருடன் கம்பியைப் பொருத்தி, கடதாசித் துண்டு துள்ளி விழுகிறதா என்று பார்க்கிற சாமான் மட்டும்தான்.

உயர்தர வகுப்பில் ஒருநாள் சேர் அந்தக் கம்பியை 256க்குப் பொருத்திவிட்டு, முதலில் சரி நடுவிலும் பிறகு ஓரத்துப் பாலத்துக்குக் கிட்டவும் சுண்டினார். "என்ன வித்தியாசம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்." சுருதி ஒன்றுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நடுவில் சுண்டியது உருண்டையாய், கொஞ்சம் வெறுமையாய்க் கேட்டது. ஓரத்தில் சுண்டியது கூர்மையாய், கிட்டத்தட்ட வேறொரு வாத்தியம் மாதிரி.

கம்பி 256இல் மட்டும் அதிர்வதில்லை. இரண்டு பாதியாய்ப் பிரிந்து 512இலும், மூன்றாய்ப் பிரிந்து 768இலும், நாலாய் 1024இலும் என்று எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிறது. இவை மேற்றொனிகள். காது இவற்றைத் தனித்தனிச் சுரமாகப் பிரித்துக் கேட்பதில்லை, 256 என்ற ஒரே சுருதியாகச் சேர்த்து, எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைக் குரலின் நிறமாக எடுத்துக்கொள்கிறது.

இரண்டாய்ப் பிரிந்து அதிரும்போது கம்பியின் நடுப்புள்ளி அசையாது. அசையாத இடத்தில் சுண்டி அந்த அதிர்வைக் கிளப்ப முடியாது, ஆகவே நடுவில் சுண்டினால் 256இன் இரட்டை மடங்குகளான 512, 1024 போன்றவை எல்லாம் காணாமல் போய் 256, 768, 1280 என்ற ஒற்றை மடங்குகள் மிஞ்சுகின்றன. சேர் அதை நிரூபித்த விதம்தான் எனக்கு இன்றைக்கும் பிடித்தது. ஓரத்தில் சுண்டி, உடனே நடுவை விரலால் மெதுவாகத் தொட்டார். 256 அடங்கி, ஒரு ஸ்தாயி மேலே 512 மெல்லிசாய் நின்றது. நடுவில் சுண்டி நடுவைத் தொட்டார். ஒன்றுமேயில்லை, செத்த கம்பி. வீட்டில் பிள்ளைகளின் கிற்றார் இருந்தால் 12ஆவது கட்டுக்கு நேரே இதைச் செய்து பாருங்கள், அங்கேதான் திறந்த கம்பியின் நடு.

அப்புறம் பள்ளிக்கூட பாண்ட். புளூட்டும் கிளாரினெற்றும் நீளத்தில் பெரிய வித்தியாசமில்லாத குழாய்கள், ஆனாலும் 256க்குக் கிட்டிய ஒரே சுரத்தை இரண்டும் ஊதினால் யாரும் குழம்பமாட்டார்கள். புளூட் இரு பக்கமும் திறந்த குழாய், இரட்டைகளும் ஒற்றைகளும் வரும். மேலே போகப் போக மெலிந்துவிடுவதால் மென்மையாய் இருக்கும். கிளாரினெற்றில் நாக்கு இருக்கும் முனை மூடிய குழாய்போல நடந்துகொள்கிறது. உட்துளையும் பெரும்பகுதி ஒரே அகலம். அதனால் அடிச்சுரங்களில் இரட்டைகள் நன்றாக மெலிந்து ஒற்றைகள் ஓங்குகின்றன, நடுவில் சுண்டிய கம்பி மாதிரியேதான். அதன் அந்த வெறுமையான மரக்குரல் அங்கிருந்துதான் வருகிறது. சான்று வேண்டுமென்றால் மேல்சுரத்துக்குத் தாவும் இடத்தைக் கவனியுங்கள்: புளூட் 256இலிருந்து 512க்குப் போகும், கிளாரினெற் 512ஐத் தாண்டி 768க்குப் போய்விடும்.

மூடியிருப்பதுதான் காரணம் என்றால் சக்ஸபோன் என்ன செய்கிறது? அதற்கும் கிளாரினெற் மாதிரியே ஒற்றை நாக்கு, ஆனால் குழாய் கூம்பாய் விரிகிறது, கூம்புக்குள் இரட்டைகளும் வந்துவிடுகின்றன. எங்கள் கோயில் நாதஸ்வரமும் அதே குடும்பம்தான். சீவாளியில் ஊதினாலும் உட்துளை கூம்பு. பலமாக ஊதினால் ஒரு ஸ்தாயி மேலே ஏறும், கிளாரினெற்போலத் தாவாது.

கலவையை மட்டும் வைத்து வாத்தியத்தைச் சொல்லிவிடலாம் என்றும் நினைக்கவேண்டாம். கிளாரினெற்றிலேயே உயரச் சுரங்களுக்குப் போனால் அந்த ஒற்றை-இரட்டை வித்தியாசம் மங்கிவிடும், ஆனாலும் அது கிளாரினெற் என்று தெரியும். எங்கள் கொப்பிகளில் "மேற்றொனிகளின் எண்ணிக்கையும் சார்புச் செறிவும்" என்று ஒரு வரியில் முடிந்த விஷயத்தில் நேரம் விடுபட்டுவிட்டது. சுரம் எப்படித் தொடங்குகிறது, எந்த மேற்றொனி முதலில் அடங்குகிறது என்பதும் காதுக்கு வேண்டும். ஒரு பியானோச் சுரத்தைக் கணினியில் பதிவுசெய்து பின்னிருந்து முன்னாக ஓடவிட்டால் இது விளங்கும்: அதே மேற்றொனிகள், அதே அளவுகள், ஆனால் கேட்கிறவர் ஹார்மோனியம் என்றுதான் சொல்வார்.