விற்பது வீடியோவா, இடமா?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்கு டேலி மென்பொருளும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கலும் ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கிறேன். பாடம் ஒன்றுதான், ஆனால் இரண்டு விதமாகக் கிடைக்கும். பதிவு செய்த வீடியோவாக வேண்டுமென்றால் வரியோடு 2,360 ரூபாய், ஒரே கட்டணம். என்னோடு நேரலையில் பேட்ச்சாகப் படிக்க 7,080 ரூபாய். ஆறு வாரம், பன்னிரண்டு வகுப்பு, முப்பது பேர். "அதே பாடத்துக்கு ஏன் சார் மூணு மடங்கு?" என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான்.

ஒரு வகுப்பு ஒன்றரை மணி நேரம். பன்னிரண்டுக்கும் சேர்த்து பதினெட்டு மணி நேரம். வெளியே தெரிகிற உழைப்பு இவ்வளவுதான். ஆனால் ஒரு கற்பனைக் கம்பெனியின் பில்களைக் கொடுத்து, பதிவு போட்டு ரிட்டர்ன் தயார் செய்யச் சொல்லி நான்கு பயிற்சிகள் வைக்கிறேன். ஒருவருடையதைத் திருத்த இருபது நிமிடம் ஆகும். முப்பது பேருக்குப் பத்து மணி நேரம், நான்கு பயிற்சிக்கு நாற்பது மணி நேரம். ஆக, வகுப்பை விடத் திருத்தும் வேலை இரண்டு மடங்குக்கும் மேல். முப்பது பேரோடு நிறுத்துவதற்கும் இதுதான் காரணம். ஜூமில் நூறு பேரை உட்கார வைக்கலாம், நூறு பேரின் பயிற்சியைத் திருத்த முடியாது. பேட்ச்சில் நான் விற்பது அந்த முப்பதில் ஓர் இடம்.

வீடியோ அப்படியில்லை. இன்னொருவர் வாங்கினால் எனக்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. அதனால் குறைந்த விலையில் கொடுக்க முடிகிறது. ஆனால் 'வாழ்நாள் முழுக்கப் பார்க்கலாம்' என்ற வாக்குறுதி இந்தத் துறைக்குச் சரிப்படாது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. அதுவரை ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஆயத்த ஆடைக்கு 12 சதவீதம். அன்றிலிருந்து 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. திருப்பூர்க்காரருக்குச் சொல்லித் தரும் பாடத்தில் பாதி உதாரணங்கள் சட்டை, பனியன்தான். எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. பணம் ஒரு முறைதான் வந்தது, வேலை மறுபடியும் வந்தது. ஒற்றைக் கட்டணத்தின் உண்மையான செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இப்போது இரண்டு ஆண்டு அனுமதி, அதற்குள் சட்டம் மாறினால் புதுப்பித்த பாடமும் உண்டு என்று எழுதிக் கொடுக்கிறேன். சமையல், ஓவியம் சொல்லித் தருபவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் தாராளமாக வாழ்நாள் என்று போடலாம்.

ரீஃபண்ட் விதியும் இந்த வித்தியாசத்திலிருந்துதான் வர வேண்டும். பலர் இரண்டுக்கும் ஒரே வரியை எழுதி வைக்கிறார்கள். 'எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது' என்று போடுபவர்களைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

வீடியோவில் வாங்கியவர் விலகினால் எனக்கு எந்த இடமும் வீணாவதில்லை. பயமெல்லாம், முழுவதையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கேட்பார்களே என்பதுதான். ஏழு நாள் என்று மட்டும் போட்டால், லீவு எடுத்து நான்கே நாளில் கடைசிப் பாடம் வரை முடித்தவரும் கேட்கலாம். ஐந்தில் ஒரு பங்கு பார்க்கும் வரை என்று மட்டும் போட்டால், எட்டு மாதம் திறக்காமலே வைத்திருந்தவரும் கேட்கலாம். அதனால் ஏழு நாளுக்குள், ஐந்தில் ஒரு பங்குக்குள் என்று இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். யார் எவ்வளவு பார்த்தார்கள் என்பது பாடத் தளத்திலேயே தெரியும், வாக்குவாதம் வராது. முதல் இரண்டு பாடங்களை இலவசமாகத் திறந்துவிடுவது இந்த விதியை விட அதிகம் உதவுகிறது. என் பேச்சு பிடிக்காதவர்கள் அங்கேயே கழன்றுகொள்கிறார்கள்.

பேட்ச்சில் எவ்வளவு பார்த்தார் என்பது கணக்கே இல்லை, எப்போது விலகினார் என்பதுதான் கணக்கு. ஆரம்பிக்கும் முன் விலகினால் காத்திருப்பவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிடலாம். ஆரம்பித்த பிறகு அது கிளம்பிவிட்ட பஸ்ஸில் காலியாகக் கிடக்கும் சீட். ஆனாலும் இரண்டாம் வகுப்பு முடியும் வரை முழுப் பணமும் தருகிறேன். தன் நிலைக்கு இது ஒத்துவருமா என்பது வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் ஒருவருக்குத் தெரியும். அந்த நஷ்டத்தை விலையிலேயே சேர்த்துக்கொள்வதுதான் முறை. அப்புறம் ஆறாம் வகுப்பு வரை பாதி. அதன் பிறகு பணம் இல்லை, ஆனால் ஒரே ஒரு முறை அடுத்த பேட்ச்சுக்கு மாறிக்கொள்ளலாம்.

ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் நான்கு வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார். "சார், ஆபீஸ்ல ஆடிட் நடக்குது, வீட்டுக்கு வரவே ஒன்பதரை ஆயிடுது. கிளாஸை விட்டுடலாமான்னு பாக்கறேன்." அவர் கட்டிய 7,080-ல் 6,000 கட்டணம், 1,080 வரி. பாதி என்றால் 3,000, அதற்கான வரி 540, ஆக 3,540 ரூபாய் திரும்பும். ஏற்கனவே இன்வாய்ஸ் போட்டாயிற்று என்பதால் அந்தத் தொகையை இன்வாய்ஸிலிருந்து குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் போட்டு, அந்த மாத ரிட்டர்னில் வரியைக் குறைத்துக்கொள்வேன். ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே பிடித்த இரண்டு சதவீதமும் அதன் மேல் வரியும், சுமார் 167 ரூபாய், எனக்குத் திரும்பாது. அதை அவர் தலையில் கட்டுவது சரியில்லை. பாதிப் பணம், இல்லையென்றால் அடுத்த பேட்ச்சுக்கு மாற்றல் என்று இரண்டு வழியையும் சொன்னேன். "அப்போ அடுத்த பேட்ச்சே வர்றேன் சார், ஆடிட்தான் முடிஞ்சிருமே" என்றார். மாற்றலுக்குக் கடைசித் தேதியையும் எழுதி அனுப்பினேன். தேதி போடாத மாற்றல் வருடக்கணக்கில் பாக்கியாக நிற்கும்.

முன்பதிவில் இன்னொரு விஷயம் உண்டு. சேவைக்கு முன்பணம் வாங்கினால், வகுப்பு தொடங்காவிட்டாலும் பணம் வந்த மாதத்துக்கான ரிட்டர்னிலேயே ஜிஎஸ்டி கட்ட வேண்டும். இன்வாய்ஸ் போடும் முன் ரத்தானால் கிரெடிட் நோட் அல்ல, ரீஃபண்ட் வவுச்சர். மூன்று மாதத்துக்கு முன்பே பதிவைத் திறந்தால் வரியும் முன்கூட்டிப் போய்விடும், மனம் மாறுபவர்களும் கூடுவார்கள். அதனால் மூன்று வாரத்துக்கு முன்புதான் திறக்கிறேன். ஒவ்வொரு பேட்ச்சும் மாதத்தின் முதல் வாரத்தில் தொடங்கும். 11-ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி வரி கட்டும் 3பி என்று அவர்கள் அலுவலகத்தில் செய்வதும் பாடமும் சேர்ந்தே ஓடும்.

என் பக்கம் தவறினால் மேலே சொன்ன கெடு எதுவும் செல்லாது. ஒரு வகுப்பு நடக்காமல் போய், ஒரு வாரத்துக்குள் ஈடு செய்ய முடியவில்லை என்றால் ஒவ்வொருவருக்கும் 590 ரூபாய் திரும்பும். 7,080-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது அது. கேட்டால்தான் தருவேன் என்றில்லை.

வீடியோ வாங்கியவர் பிறகு பேட்ச்சில் சேர்ந்தால் 2,360-ஐக் கழித்து 4,720 கட்டினால் போதும். பாதியில் விலகினால் 4,720-ல்தான் பாதி. வீடியோ அவரிடமே இருக்கும். இதை முதலிலேயே எழுதாவிட்டால் 7,080-ல் பாதி கேட்பார்கள், அவர்கள் மேல் குற்றமும் சொல்ல முடியாது. இந்த விதிகளெல்லாம் பணம் கட்டும் பட்டனுக்கு மேலேயே தமிழில் இருக்கின்றன. வாங்கிய பிறகு மெயிலில் போகும் விதியை யாரும் படிப்பதில்லை. நேராக வங்கியில் புகார் கொடுத்துவிடுகிறார்கள். புகார் வந்துவிட்டால் முடியும் வரை கேட்வே அந்தத் தொகையை நிறுத்தி வைக்கும். அவர் பணம் கட்டும் முன் விதியைப் பார்த்தார் என்று காட்ட வேண்டியது அப்போது நான்தான்.