குரலுக்கு ஒரு பேரேடு

11 ஆண்டுகளுக்கு முன், மயிலாப்பூரில் ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குப் பாடியபோது வர்ணத்தின் நடுவே என் குரல் நின்றுபோனது. தஞ்சை நால்வரின் பைரவி பத வர்ணம். ஏறத்தாழ 40 நிமிடம் ஓடும் உருப்படி. பல்லவி அடியை ஒவ்வொரு சஞ்சாரிக்கும் திரும்பத் திரும்பப் பாடி, அனுபல்லவியையும் முக்தாயி ஸ்வரத்தையும் தாண்டி, சரணத்தின் மூன்றாவது ஸ்வரத்தில் தார காந்தாரத்தைத் தொடப் போனபோது வெறும் காற்றுதான் வந்தது. வயலின் வாசித்தவர் ஒரு கணமும் தாமதிக்காமல் அந்த அடியைத் தன் வில்லில் எடுத்துக்கொண்டார். நட்டுவாங்கம் செய்த அக்கா தாளத்தைத் தளரவிடவில்லை. ஆடிய பெண்ணின் அடவும் பிசகவில்லை. நான் வெந்நீரை ஒரு மிடறு விழுங்கிவிட்டு, ஸாஹித்தியத்தைக் கீழ் ஸ்தாயியில் பிடித்து ஒப்பேற்றினேன். நிகழ்ச்சி முடிந்ததும் அக்கா, "என்னம்மா, ஜலதோஷமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது ஜலதோஷம் இல்லை என்பது எனக்கு அப்போதே ஓரளவு தெரிந்திருந்தது.

அந்த நாட்களில் என் பிழைப்பு மூன்று கால்களில் நின்றது. நடனத்திற்குப் பாடுவதும் மார்கழி சீசனில் கிடைக்கும் ஒன்றிரண்டு மதியக் கச்சேரிகளும் ஒன்று; வீட்டில் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் இரண்டாவது; மாதச் சம்பளத்துக்காகப் புறநகர்ப் பள்ளி ஒன்றில் பார்த்த பாட்டு டீச்சர் வேலை மூன்றாவது. அந்த வேலையில் சேர்ந்தபோது என் குருவிலிருந்து பக்கத்து வீட்டு மாமி வரை எல்லோரும் மகிழ்ந்தார்கள். பாட்டை விட்டு விலகாமலேயே நிரந்தர வருமானம் வருகிறது, வேறென்ன வேண்டும் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் துறையில் இளையவர்களுக்கு இன்றும் முதலில் சொல்லப்படும் யோசனை இதுதான் என்பதால், அந்த வேலையின் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு நாளைக்கு 6 பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம், வகுப்புக்கு 45 குழந்தைகள். மின்விசிறி இரைச்சலுக்கும் பக்கத்து வகுப்பின் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கும் மேலே என் குரல் கேட்க வேண்டும். மைக் கிடையாது. குழந்தைகளுக்கு வசதியான சுருதி என்னுடைய 5 கட்டையைவிட உயரம் என்பதால் நானும் 6 கட்டையில் பாட வேண்டும். ஆக, நாளொன்றுக்கு 4 மணி நேரம், எனக்குச் சொந்தமில்லாத சுருதியில், உரத்த குரலில் பாட்டும் பேச்சும். ஆண்டு விழா மாதத்தில் இது இன்னும் கூடும். அதன் பிறகு மாலையில் இரண்டு வகுப்பு எடுத்துவிட்டு, 7 மணிக்கு ஒத்திகைக்குப் போவேன். நடன ஒத்திகைக் கூடத்தில் சலங்கையும் தாளமும் மிருதங்கமும் ஒரே அறைக்குள் முழங்கும். பாடுபவருக்குப் பெரும்பாலும் அங்கேயும் மைக் இருப்பதில்லை. நேரத்தை மட்டும் கணக்கிட்டுப் பார்த்தால் இந்த மூன்றும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரு நாளுக்குள் அழகாகப் பொருந்தின. மூன்றும் ஒரே குரலிலிருந்துதான் செலவாகின்றன என்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

குரல் கெடுவதை எப்படி அறிவது என்பதையும் நான் தவறாகவே புரிந்துவைத்திருந்தேன். அரங்கேற்றத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே காலைச் சாதகத்தில் மந்திர பஞ்சமம் வழக்கத்தைவிடக் கனமாகவும் நிறைவாகவும் ஒலித்தது. குரல் பக்குவப்பட்டு வருகிறது என்று மகிழ்ந்தேன். உண்மையில் வீங்கிய குரல்நாண்கள் தாழ்ந்த ஸ்வரங்களில் சுலபமாக அதிரும்; அந்தக் கனம் வீக்கத்தின் கனம். முதலில் போவது மேல் ஸ்தாயியின் மென்மைதான். தார ஸ்வரங்களை உரக்கப் பாடினால் வரும், மெல்லப் பாடினால் வராது. அல்லது ஒலிக்கு முன் சற்றே காற்று கசிந்து, ஸ்வரம் தாமதமாகத் தொடங்கும். நாம் உரக்கப் பாடியே பழகியவர்கள் என்பதால் அந்தத் தாமதம் காதில் விழுவதே இல்லை. இன்று நான் தினமும் காலையில், சாதகத்துக்கு முன், தார ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பாடுவதுபோல மிக மெல்லியதாகப் பாடிப் பார்க்கிறேன். அன்றைக்கு எவ்வளவு பாடலாம் என்பதை அந்த அரை நிமிடம் சொல்லிவிடும்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் கேமரா விட்டுத் திரையில் காட்டினார். இரண்டு குரல்நாண்களிலும், அவை அதிகம் மோதிக்கொள்ளும் அதே இடத்தில், எதிரெதிராக இரண்டு சிறு தடிப்புகள். "மிருதங்கம் வாசிக்கிறவங்க விரல்ல காய்ப்பு வரும் இல்லையா, அதே மாதிரிதாம்மா" என்றார். அறுவை சிகிச்சை வேண்டாம், பயிற்சியிலேயே கரையும் என்றும், குரலுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்துக் கிசுகிசுத்துப் பேசக் கூடாது, அதுவும் குரலை வருத்தும் என்றும் சொன்னார். இரண்டு வாரம் பேச்சைக் குறைத்து, பிறகு மூன்று மாதம் பேச்சுப் பயிற்சியாளரிடம் போனேன். தம்ளர் தண்ணீருக்குள் ஸ்ட்ராவை விட்டுக் குமிழி எழும்ப எழும்ப ஸரளி வரிசையின் ஏற்ற இறக்கத்தை முனகுவதுதான் முக்கியப் பயிற்சி. 20 வருடம் சங்கீதம் கற்றவளுக்கு அது எளிதாக இல்லை. ஆனால் தடிப்புகள் கரைந்தன.

கல்வியாண்டு முடிந்ததும் பள்ளி வேலையை விட்டேன். என் பி.காம். பட்டம் அதுவரை அலமாரியில்தான் இருந்தது. வாகன உதிரிபாக வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன், காலை 9.30 முதல் மாலை 6 வரை. பாட்டைக் கைவிட்டுவிட்டாள் என்று சிலர் வருந்தினார்கள். பள்ளியில் வாங்கியதைவிடச் சம்பளம் சற்று அதிகம் என்பது ஒரு காரணம்தான். அந்த வேலை என்னிடம் குரலைக் கேட்கவில்லை என்பதே பெரிய காரணம். நாள் முழுவதும் விலைப்பட்டியல்களைச் சரிபார்த்துவிட்டு, பத்து வாக்கியம்கூடப் பேசாமல், மாலை ஒத்திகைக்குப் புதுக் குரலோடு போய் உட்கார முடிந்தது. பாட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேலை பாட்டைத் தின்றது. சம்பந்தமே இல்லாத வேலை அதைக் காப்பாற்றிக் கொடுத்தது. என் வயது ஆடற்கலைஞர்கள் சிலரிடமும் இதையே பார்த்திருக்கிறேன். நாள் முழுவதும் தட்டடவும் நாட்டடவும் ஆடிக் காட்டியே சொல்லிக்கொடுப்பவர்களுக்கு, தங்கள் நிகழ்ச்சி வரும்போது முழங்கால் மிச்சமிருப்பதில்லை.

வருமானக் கணக்கையும் ஒருமுறை உட்கார்ந்து போட்டேன். ஒரு முழு அரங்கேற்றத்துக்கு அப்போது நான் வாங்கியது 10,000 ரூபாய். ஒத்திகைக்குத் தலா 1,500 வீதம் 6 ஒத்திகைக்கு 9,000. மொத்தம் 19,000 என்பது நல்ல தொகையாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஒத்திகையும் 3 மணி நேரம், போகவர 2 மணி நேரம். நிகழ்ச்சி நாளில் 7 மணி நேரம். ஆக 37 மணி நேரம், மணிக்கு 500 ரூபாய்க்குச் சற்று மேல். புதிய வர்ணம் என்றால் அதை மனப்பாடம் செய்யும் நேரம் இதில் சேரவில்லை. இணையத்தில் 45 நிமிட வகுப்புக்கு 800 ரூபாய் கிடைத்தது. பணம் மட்டுமே அளவுகோல் என்றால் மேடையை விட்டுவிட்டு வகுப்பை மட்டும் பெருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த நல்ல பாடகர்கள் சிலர் அப்படியே மெல்ல மேடையிலிருந்து மறைந்துபோனார்கள். சம்பளம் என்று ஒன்று இருந்ததால்தான் வகுப்புகளை வாரத்துக்கு ஆறோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடிந்தது.

இணைய வகுப்பில் ஒரு வசதி உண்டு. ஒலி தாமதமாகப் போவதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பாட முடியாது. எல்லோரும் குறையாகச் சொல்லும் அந்தத் தாமதம் என் குரலுக்கு நல்லதாகவே அமைந்தது. சங்கதிகளை முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பிவிடுவேன். வகுப்பில் மாணவி பாட, நான் கேட்டுத் திருத்துவேன். பாடிக் காட்ட வேண்டிய இடத்தில் மைக்கை நெருக்கமாக வைத்துக்கொண்டு பாதிக் குரலில் பாடுவேன்.

இணைய வகுப்பில் வரும் சிக்கல் நவம்பரில்தான். கலிபோர்னியாவில் இருக்கும் மாணவிகளுக்கு நம் காலை 6.30 மணி, கோடையில் அவர்களுடைய மாலை 6 மணி. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் அதே 6.30 அவர்களுக்கு மாலை 5 ஆகிவிடும். பிள்ளைகள் அப்போது நீச்சலிலோ கணித வகுப்பிலோ இருப்பார்கள். "ஆன்ட்டி, ஒரு மணி நேரம் தள்ளி வச்சுக்கலாமா?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். 7.30க்குத் தொடங்கினால் 8.15 ஆகும், 9.30 அலுவலகத்துக்கு முன் சாதகம் போய்விடும், அதுவும் சீசனுக்கு ஆறே வாரம் இருக்கும்போது. அதனால் இப்போதெல்லாம் நவம்பர் முதல் ஜனவரி நடு வரை வார நாள் வகுப்புகளை நிறுத்தி, ஞாயிறு காலைக்கு மாற்றிவிடுகிறேன். சேரும்போதே இதைச் சொல்லிவிடுவதால் மனக்கசப்பு வருவதில்லை.

அலுவலகத்துக்கும் தன் பஞ்சாங்கம் இருக்கிறது. மாதம் 11ஆம் தேதிக்குள் GSTR-1, 20ஆம் தேதிக்குள் GSTR-3B என்று ஜி.எஸ்.டி. படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். டிசம்பர் 15 முன்கூட்டிய வருமான வரியின் தவணை நாள். மார்கழிக் கச்சேரிகள் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுவே. சபாக்காரர்கள் தேதி கேட்கும்போது 10, 11, 15, 19, 20 ஆகியவற்றை முதலிலேயே அடித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். சில ஆண்டு நல்ல நேரம் ஒன்று கைநழுவிப் போகும். வருடம் முழுவதும் தலைவலி, காய்ச்சலுக்குக்கூட எடுக்காமல் சேர்த்த விடுப்பு டிசம்பர் கடைசி வாரத்துக்கும், ஜனவரி தொடக்கத்தில் நடன விழாக்களுக்குப் பாடுவதற்கும் போய்விடும்.

இந்த ஏற்பாட்டில் நான் இழந்தது சிறிதல்ல. அமெரிக்காவில் கோடை விடுமுறையில் அரங்கேற்றங்கள் அடுத்தடுத்து நடக்கும். சென்னையிலிருந்து பாடகர்களையும் மிருதங்கக்காரர்களையும் ஆறு வாரம், இரண்டு மாதம் என்று அழைத்துச் செல்வார்கள். ஒரு சுற்றில் இங்கே ஓர் ஆண்டுக்கு மேடையில் கிடைப்பதைவிட அதிகமாகக் கிடைக்கும். மூன்று முறை எனக்கு அழைப்பு வந்தது. ஆறு வாரம் விடுப்பு எந்த நிறுவனமும் தராது. மூன்றாவது முறை மறுத்தபோது அழுதேன். அதன்பின் அழைப்பு வரவில்லை. பயணங்களில் உருவாகும் உறவுகள்தான் பிறகு இங்கேயும் வாய்ப்புகளைக் கொண்டுவருகின்றன என்பதால், அந்த இழப்பு பணத்தோடு நிற்பதில்லை.

ஒத்திகைக்கு இப்போது என் சொந்தச் சிறு ஸ்பீக்கரையும் மைக்கையும் எடுத்துப் போகிறேன். ஆரம்பத்தில் நடன குருமார்கள் சிலருக்கு அது பந்தாவாகத் தோன்றியது. காரணத்தைச் சொன்னதும் ஒப்புக்கொண்டார்கள். அலுவலகப் பழக்கத்தில் ஒரு நோட்டில் பற்று வரவு போல எழுதியும் வைக்கிறேன்: எத்தனை மணி நேரம் பாடினேன், எந்தச் சுருதியில், மைக்கோடா இல்லாமலா, மறுநாள் காலை தார பஞ்சமம் மெல்ல வந்ததா. தொடர்ந்து இரண்டு நாள் "தாமதம்" என்று எழுத நேர்ந்தால் மூன்றாம் நாள் வகுப்பில் நான் பாடுவதில்லை. பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்க வைப்பேன்.

போன மாதம் என்னிடம் எட்டு வருடம் படித்த பெண் ஒருத்தி, பள்ளி ஒன்றில் பாட்டு டீச்சர் வேலைக்கு ஆணை வந்திருக்கிறது என்று இனிப்போடு வந்தாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அவள் வீட்டு நிலைமைக்கு அந்தச் சம்பளம் தேவை. ஒரு நாளைக்கு எத்தனை பீரியட், மைக் தருவார்களா, குழந்தைகளைத் தன் சுருதிக்குப் பாட வைக்க அனுமதி உண்டா என்று கையெழுத்துப் போடும் முன் கேட்கச் சொன்னேன். மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "5 பீரியட், அக்கா. மைக் நானே வாங்கிக்கிட்டா ஆட்சேபணை இல்லையாம்." அன்று மாலை இருவரும் ரிச்சி தெருவுக்குப் போய், இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறு ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வந்தோம்.