முதல் கிக்ஆஃப் பேச்சில் நான் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம்

போன மாதம் கோயம்புத்தூர் அலுவலகத்தில் ஆறு பேர் கொண்ட ஒரு புதிய டீமை என்னிடம் கொடுத்தார்கள். மூன்று வெவ்வேறு ப்ராஜெக்ட்டிலிருந்து வந்தவர்கள், அதில் ஒருவர் கல்லூரி முடித்து வந்த தம்பி. வேலை, ஒரு கிளினிக் குழுமத்துக்கு அப்பாயின்ட்மென்ட் முன்பதிவு ஆப். இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று, அதாவது ஒரு ஸ்பிரிண்ட். முதல் ஸ்பிரிண்ட் கெட்டுப்போனதற்கு அதைத் தொடங்கிவைத்த என் கிக்ஆஃப் பேச்சுதான் காரணம் என்று இப்போது உறுதியாகத் தெரிகிறது. அதே நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அன்று 25 நிமிடம் பேசினேன். வேலைப் பட்டியல் இருக்கும் ஜிரா போர்டைத் திரையில் போட்டு, 17 டிக்கெட்டையும் மேலிருந்து கீழே வாசித்தேன். இலக்கு என்று சொன்னது ஒரே வரி: "அப்பாயின்ட்மென்ட் மாட்யூலை முடிக்கிறோம்." யாரும் கேள்வி கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பட்டியலைத்தான் வாசித்தேன், அதில் கேட்பதற்கு எதுவும் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

பட்டியலில் பதினோராவது டிக்கெட், நோயாளிக்கு முந்தைய நாள் மாலை தமிழில் நினைவூட்டல் எஸ்எம்எஸ் அனுப்புவது. இரண்டு பாயின்ட் போட்டிருந்தோம். சின்ன வேலைதானே என்று அதைத் தம்பி எடுத்துக்கொண்டார். எட்டாவது நாள் வந்து, "அண்ணா, ஏபிஐ 200 கொடுத்துடுச்சு, முடிஞ்சது" என்றார். டிக்கெட்டை மூடிவிட்டோம். ஒன்பதாவது நாள் டெஸ்டர் தன் நம்பரைப் போட்டுப் பார்த்தபோது ஒரு மெசேஜும் வரவில்லை.

இந்தியாவில் வணிக எஸ்எம்எஸ் அனுப்பியவர்களுக்கு இது தெரிந்த கதை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி நிறுவனம், அனுப்புநர் பெயர், மெசேஜின் வாசகம் மூன்றையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டி.எல்.டி தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவான வாசகத்தோடு, அதாவது டெம்ப்ளேட்டோடு பொருந்தாத மெசேஜை வழியிலேயே நிறுத்திவிடுவார்கள். நமக்கு வரும் 200 என்பது எஸ்எம்எஸ் நிறுவனம் கோரிக்கையை வாங்கிக்கொண்டது என்பதற்கு மட்டும்தான் அடையாளம். உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்பதை டெலிவரி ரிப்போர்ட்டில்தான் பார்க்க வேண்டும். பார்த்தோம், எல்லாமே தோல்வி. எங்கள் வாசகத்தை யாருமே பதிவு செய்திருக்கவில்லை. அன்றே அவசரமாகப் பதிவுக்குப் போட்டோம். வகை பொருந்தவில்லை என்ற ஒற்றை வரியோடு நிராகரித்துவிட்டார்கள். எந்த வகை என்று கேட்டு அனுப்பிய மெயிலுக்குப் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை டெமோவில் கிளினிக் நிர்வாகி கேட்ட முதல் கேள்வியே, "மெசேஜ் எங்கே?"

எனக்கு வலித்தது அதுவல்ல. இதே டி.எல்.டி சிக்கலில் முந்தைய ப்ராஜெக்ட்டில் ஒரு வாரம் மாட்டியிருக்கிறேன். எனக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியாது. பழைய டீமில் "எஸ்எம்எஸ்" என்று சொன்னாலே டெம்ப்ளேட் போட்டாச்சா என்று யாராவது கேட்பார்கள். புது டீமுக்கு அந்தப் பொது நினைவு கிடையாது. அதை நான்தான் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது கிக்ஆஃபுக்கு முந்தைய இரவு, போர்டைத் திறக்காமல் வெறும் தாளில் எழுதினேன். பேசியது 12 நிமிடம். இலக்கை இப்படிச் சொன்னேன்: "பத்தாவது நாள், ஒரே ஒரு கிளினிக்கில், ஒரு நோயாளி தன் போனில் நேரம் பிடிக்க வேண்டும். மறுநாள் அப்பாயின்ட்மென்ட்டுக்கு முந்தைய மாலை அவருக்குத் தமிழில் மெசேஜ் வர வேண்டும். அந்த நேரத்தை இன்னொருவருக்கு நாம் கொடுத்திருக்கக் கூடாது. மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்." இப்படிச் சொன்னதும், நேரத்தை மாற்றும் வசதியையும் மருத்துவர் படத்தையும் டீமே தள்ளி வைத்துவிட்டது. நான் வாதாட வேண்டியிருக்கவில்லை.

ஆபத்தான வேலைகள் என்று இரண்டை மட்டும் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் தோற்றால் அது எப்படித் தெரியும், அதை எந்த நாளுக்குள் தெரிந்துகொள்ள வேண்டும், தோற்றால் என்ன செய்வோம் என்று சொன்னேன்.

முதலாவது அந்த எஸ்எம்எஸ். 200 வந்தால் நம்பாதீர்கள், டெலிவரி ரிப்போர்ட் வந்தால்தான் முடிந்தது என்றேன். ஒப்புதல் நம் கையில் இல்லாததால் முதல் நாள் மதியத்துக்குள் மறுபதிவு போக வேண்டும். ஐந்தாவது நாளும் ஒப்புதல் வராவிட்டால், ஏற்கெனவே ஒப்புதல் பெற்று கிளினிக் பயன்படுத்திவரும் ஆங்கில வாசகத்தை வைத்து டெமோ. அப்போது டெஸ்டர் ஒரு கேள்வி கேட்டார்: "டெம்ப்ளேட்டில் மெசேஜுக்கு மெசேஜ் மாறும் இடம் ஒவ்வொன்றுக்கும் இத்தனை குறிதான் என்று எல்லை உண்டு. கிளையின் பெயர் தமிழில் அதற்குள் அடங்குமா?" எண்ணிப் பார்த்தோம். "மருத்துவமனை" கண்ணுக்கு ஏழு எழுத்து. ஆனால் யூனிகோடில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாகச் சேர்வதால் 11. கிளையின் முழுப் பெயர் அந்த எல்லையைத் தாண்டியது. முதல் கிக்ஆஃபில் வாயே திறக்காதவர் அவர். பேசுவதற்கு ஒரு பிடி கிடைத்ததும் பத்து நிமிடத்தில் ஒரு வார வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தார். கிளைப் பெயரைச் சுருக்கி, "மருத்துவமனை" என்ற சொல்லை டெம்ப்ளேட்டின் நிலையான பகுதிக்கு மாற்றினோம்.

இரண்டாவது, ஒரே நேரம் இருவருக்குப் போவது. முதல் ஸ்பிரிண்ட்டில் எழுதியது, நேரம் காலியா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யும் கோடிங். இருவர் ஒரே நொடியில் பார்த்தால் இருவருக்குமே காலி என்றுதான் தெரியும். ஒருவர் மட்டும் சோதிக்கும்போது இது ஒருநாளும் வெளியே வராது. அதனால் பேச்சிலேயே சோதனையையும் சொல்லிவிட்டேன்: ஒரே நேரத்துக்கு ஒரே சமயத்தில் 50 கோரிக்கை அனுப்புங்கள், ஒன்று மட்டும் ஜெயிக்க வேண்டும். ஜாவா பக்கமிருந்து வந்த சகோதரி, இதை டேட்டாபேஸே தடுக்கட்டும் என்றார். எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸில், ஒரு மருத்துவரின் ஒரு நேரத்துக்கு ஒரு பதிவுதான் என்று சொல்ல இவ்வளவுதான்:

```sql
CREATE UNIQUE INDEX one_slot
ON appointments (doctor_id, slot_start)
WHERE status = 'booked';
```

ரத்தான பதிவுகளை இது கணக்கில் எடுக்காது என்பதால் அந்த நேரத்தை மறுபடி கொடுக்கலாம். ஏற்கெனவே இரட்டைப் பதிவு இருந்தால் இண்டெக்ஸே உருவாகாது. எங்கள் சோதனைத் தரவில் மூன்று இருந்தன, அவற்றை முதலில் சரிசெய்தோம்.

பேச்சு முடிந்ததும், இலக்கை அவரவர் வார்த்தையில் ஒரு வரியில் திருப்பிச் சொல்லக் கேட்டேன். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு பார்ப்பவர் "எல்லா கிளினிக்கிலும்" என்றார். அங்கேயே திருத்த முடிந்தது. இல்லையென்றால் கிளினிக்கைத் தேர்வுசெய்யும் திரைக்கு மூன்று நாள் செலவழித்திருப்பார்.

இன்னொன்று. ஆபத்தான வேலையைப் புதியவரிடம் தனியாக விடாதீர்கள். இந்த முறையும் எஸ்எம்எஸ்ஸைத் தம்பியேதான் கேட்டு வாங்கினார், ஆனால் டெஸ்டரும் கூட உட்கார்ந்தார். போன தடவை நடந்தது தம்பியுடைய தப்பு இல்லை, நான் சொல்லாமல் விட்டதுதான் என்பதை எல்லோர் முன்னாலும் கிக்ஆஃபிலேயே சொல்லிவிட்டேன்.

50 கோரிக்கைச் சோதனை மூன்றாவது நாள் ஓடியது. ஒன்று ஏறியது, 49 திரும்பின. ஒப்புதல் நான்காவது நாள் வந்தது. அன்று மாலை ஆறு மணிக்குத் தம்பி தன் போனை நீட்டினார். "நாளை காலை 10.30 மணிக்கு" என்று தமிழில் மெசேஜ் வந்திருந்தது. நான் எதுவும் கேட்பதற்கு முன்னால், "டெலிவரி ரிப்போர்ட்டும் பார்த்துட்டேன் அண்ணா" என்றார்.