‘உறவுகள்’ தலைப்பில் ஃப்ரேசல் வெர்ப் படித்த விதம்

கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தபோது, வினையோடு ஒரு சின்னச் சொல் சேர்ந்து தனிப் பொருள் தரும் ஃப்ரேசல் வெர்ப்களுக்கு எனக் கையில் கிடைத்த பட்டியல்கள் எல்லாம் வினைச்சொல் வாரியாகத்தான் இருந்தன. ‘கெட்’ என்று ஒரு பக்கம். அதற்குக் கீழே ‘கெட் ஓவர்’, ‘கெட் பை’, ‘கெட் அவே வித்’ என்று வரிசை. ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பிக்கலாம். பேசச் சொன்னால் ஒன்றும் வாயில் வராது. பேசும்போது நாம் ‘கெட்’ பற்றி யோசிப்பதில்லை, அக்காவோடு போட்ட சண்டையைப் பற்றித்தான் யோசிக்கிறோம். அதனால் தலைப்பு வாரியாகப் பிரித்தேன். முதலில் எடுத்தது உறவுகள். ஸ்பீக்கிங்கின் முதல் பகுதியில் குடும்பம், நண்பர்கள் பற்றிக் கேள்வி வர நல்ல வாய்ப்பு உண்டு.

ஒரே தலைப்பு என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிப் படித்தாலும் குழப்பம்தான். ‘லுக் அப் டு’ (ஒருவரை மதித்துப் பார்ப்பது), ‘லுக் டவுன் ஆன்’ (மட்டமாக நினைப்பது) இரண்டையும் சேர்த்துப் படித்த என் தோழிக்கு எது எது என்று கடைசிவரை தடுமாற்றம். நான் அவற்றைப் பிரித்து வைத்து, மற்றவற்றை ஒரு ஆளின் வாழ்க்கை போல வரிசைப்படுத்தினேன். மரியா என்று ஒருத்தி. பாட்டி அவளை வளர்த்தார்: ‘பிராட் அப்’. குணத்தில் அம்மாவைக் கொண்டிருக்கிறாள்: ‘டேக்ஸ் ஆஃப்டர்’. தங்கையோடு ஒத்துப்போவாள்: ‘கெட்ஸ் ஆன் வித்’. பிறகு சண்டை: ‘ஃபெல் அவுட் வித்’. கடைசியில் சமாதானம்: ‘மேட் அப் வித்’. ஒன்று அடுத்ததை இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. அதில் முழு வாக்கியம் இருக்கும், தனிச்சொல்லும் பொருளும் மட்டும் கிடையாது. அதற்குக் கீழே ‘ஹிம்’, ‘ஹர்’ எங்கே உட்காரும் என்பதைக் குறித்தேன். ‘பிரிங் அப்’ என்றால் நடுவில்: ‘ஷி பிராட் ஹர் அப்’. ‘லெட் டவுன்’ என்றாலும் அப்படித்தான்: ‘ஹி லெட் மீ டவுன்’. ‘டேக் ஆஃப்டர்’, ‘புட் அப் வித்’ போன்றவற்றில் கடைசியில்தான் வரும். ‘க்ரோ அப்’ அட்டையில் மட்டும் பெரிதாக எழுதி வைத்தது: இதற்குச் செயப்பாட்டு வினை இல்லை. ‘ஐ வாஸ் பிராட் அப்’ சரி, ‘ஐ வாஸ் க்ரோன் அப் இன்’ தவறு. நம் ஆட்கள் பேசும்போது இது அடிக்கடி காதில் விழும்.

யூஸ் ஆஃப் இங்கிலீஷில் இந்த அட்டைகள் நேரடியாக உதவியது நான்காம் பகுதியில். அங்கே ஒரு வாக்கியம் கொடுத்து, ஒரு சொல்லும் கொடுத்து, அதே பொருளில் திருப்பி எழுதச் சொல்வார்கள். பயிற்சிக்கு நானே ஒன்று எழுதிக்கொண்டேன்: ‘மரியா ஹேஸ் ஹேட் அன் ஆர்கியூமென்ட் வித் ஹர் சிஸ்டர்.’ கொடுத்த சொல் ‘ஃபாலன்’. விடை ‘மரியா’வில் தொடங்கி ‘ஹர் சிஸ்டர்’ என்று முடிய வேண்டும். நடுவில் இரண்டு முதல் ஐந்து சொற்கள், கொடுத்த சொல்லும் அதில் சேரும், அதன் வடிவத்தை மாற்றக் கூடாது. ‘ஃபெல் அவுட் வித்’ என்று எழுதினால் பொருள் புரியும், ஆனால் ‘ஃபாலன்’ காணாமல் போய்விடும். ‘ஹேஸ் ஃபாலன் அவுட் வித்’ என்பதுதான் விடை, நான்கு சொற்கள். இந்தப் பகுதியில் ஒவ்வொரு கேள்விக்கும் 2 மதிப்பெண் வரை உண்டு. அவசரத்தில் கடைசி ‘வித்’தை விட்டால் அதில் அடி விழும். இரண்டாம் பகுதியில் கோடிட்ட இடத்தில் இதே மாதிரிச் சின்னச் சொல்லைத்தான் கேட்கக்கூடும். ‘டேக்ஸ் ___ ஹர் மதர்’ என்று பார்த்தவுடன் ‘ஆஃப்டர்’ கை தானாக எழுத வேண்டும்.

பேச்சுக்கு வேறு பயிற்சி. தோழியும் நானும் மாறி மாறிக் கேள்வி கேட்டோம். ‘யாரோடு அதிக நேரம் செலவிடுவாய்?’ என்ற கேள்விக்கு இரண்டுக்கு மேல் ஃப்ரேசல் வெர்ப் போடக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. ஐந்தைத் திணித்தால் ஒப்பிப்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ‘வி ஃபெல் அவுட் லாஸ்ட் இயர், பட் வி சூன் மேட் அப்’ என்ற அளவு போதும். அதைச் சொல்லும்போது ‘அவுட்’, ‘அப்’ இரண்டிலும் அழுத்தம் விழ வேண்டும். முதல் சொல்லை அழுத்தி அவற்றை விழுங்கினால், கேட்பவருக்கு ‘வி ஃபெல்’ மட்டும்தான் காதில் விழும், எங்கேயோ வழுக்கி விழுந்த மாதிரி!

அடுத்த தலைப்பாக வேலையை எடுத்தபோது ‘மேக் அப்’ மறுபடி வந்தது, இந்த முறை சாக்குச் சொல்லிக் கதை கட்டும் பொருளில்: ‘ஹி மேட் அப் அன் எக்ஸ்க்யூஸ்’. இதில் ‘இட்’ நடுவில் வரும், ‘மேட் இட் அப்’. சமாதானம் ஆகிற ‘மேக் அப்’பில் யாரோடு என்று சொன்னால் அடுத்து ‘வித்’ வரும். பழைய அட்டையின் ஓரத்தில் இதைச் சேர்க்காமல், புது வாக்கியத்தோடு தனி அட்டையாகவே போட்டேன்.