மூன்றில் ஒரு பங்கு: பிரெஞ்சு சுருக்கத்துக்கு நான் குறிப்பெடுத்த விதம்

காரைக்காலில் பிரெஞ்சு பேசும் பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதனால் பேசவும் கேட்கவும் எனக்குச் சிரமம் இல்லை. தேர்வில் மிரட்டியது சுருக்கி எழுதும் பகுதிதான். 300 சொல் கட்டுரையை 100 சொல்லில் எழுத வேண்டும், பத்து சதவீதம் கூடக் குறையப் போகலாம். அதாவது 90 முதல் 110 வரை.

எங்கள் மேடம் சொன்ன முதல் விதி, முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதே. இரண்டாவது வாசிப்பில் இணைப்புச் சொற்களை மட்டும் வட்டமிடச் சொன்னார்: 'ஆனால்' என்னும் மே, 'ஆகவே' என்னும் தோங்க், 'ஏனென்றால்' என்னும் கார், அப்புறம் செர்த். இதில் செர்த்தான் வில்லன். 'உண்மைதான்' என்று எதிர்த்தரப்பை ஒப்புக்கொண்டுவிட்டு, அடுத்து வரும் 'மே'யில்தான் கட்டுரை ஆசிரியர் தன் கருத்தைச் சொல்வார். அவசரத்தில் முன்பாதியை அவர் கருத்தாக எழுதினால் சுருக்கமே தலைகீழாகிவிடும்.

ஒரு பயிற்சிக் கட்டுரையில், நகரத்தை விட்டுக் கிராமத்துக்குக் குடிபோகிறவர்களைப் பற்றி 45 சொல் பத்தி ஒன்று இருந்தது. வாடகை குறைவுதான்; ஆனால் தபால் நிலையம் மூடியாயிற்று, டாக்டர் தொலைவில், ரயில் நிற்பதில்லை; ஆகவே பலர் திரும்பிவிடுகிறார்கள். என் குறிப்பு இவ்வளவுதான்: 'வாடகை (+) / மே / சேவை இல்லை (−) / தோங்க் / திரும்பல்'. தபால், டாக்டர், ரயில் மூன்றும் 'சேவை' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

குறிப்பைத் தமிழில் எழுதியது வேண்டுமென்றேதான். மூலத்தை மூடி வைத்துவிட்டு அதை மட்டும் பார்த்து எழுதும்போது, பிரெஞ்சு வாக்கியத்தை நானே கட்டியாக வேண்டும், காப்பியடிக்க வழியில்லை. இணைப்புச் சொற்களை மட்டும் பிரெஞ்சிலேயே விட்டேன், தர்க்கம் நழுவாமல் இருக்க. கிடைத்த வாக்கியம்: 'மல்க்ரே தே லுவாயே மொதெஸ்த், ல மாங்க் த செர்வீஸ் புப்லிக் ரமேன் லே நூவோ வெனு ஆன் வில்'. குறைந்த வாடகை இருந்தும், பொதுச் சேவை இல்லாதது புதிதாக வந்தவர்களை நகரத்துக்கே திருப்புகிறது. சரியாக 15 சொல்.

அப்புறம் மூலத்தைத் திறந்து ஒப்பிட வேண்டும். நாலைந்து சொற்கள் அப்படியே வரிசையாக வந்திருந்தால் உடைத்து எழுதுவேன். கட்டுரையின் மையச் சொல்லுக்கு மட்டும் மாற்று தேடி அலையத் தேவையில்லை. 'ஆசிரியர் கூறுகிறார்' என்று எழுதக் கூடாது. அவர் 'நான்' என்றால் நாமும் 'நான்'.

சொல் எண்ணும் முறை தேர்வுக்குத் தேர்வு மாறும். 'அதாவது' என்று பொருள்படும் 'செத்தாதீர்', டால்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் ஒரு சொல், பிரான்சின் பள்ளித் தேர்வில் நான்கு. விடைத்தாளில் எண்ணிக்கை கேட்டால் முதலில் வினாத்தாளின் விதியைப் பார்க்க வேண்டும். 118 வந்துவிட்டால் நான் முதலில் வெட்டுவது பெயரடைகளை, பிறகு மிஞ்சியிருக்கும் உதாரணங்களை. மே, தோங்க் மீது மட்டும் கை வைப்பதில்லை.