15-க்கு முன்னால் ஒரு மைனஸ்: எறிபொருள் கணக்கில் மூன்று நாள் மாட்டிக்கொண்ட அனுபவம்

நேற்று இரவுதான் அந்தக் கணக்கு சரியாக வந்தது. தேர்வில் அதற்கு முழு மதிப்பெண்ணும் போனது. அதன் பிறகு மூன்று நாள் உட்கார்ந்து ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை வந்தது. இயக்கச் சமன்பாடுகள் எல்லாமே எனக்கு மனப்பாடம். எதை எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம். இதே இடத்தில் நிற்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் நான் இடறிய இடங்களை அப்படியே எழுதுகிறேன்.

கணக்கு இதுதான். 15 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து 20 மீ/வி வேகத்தில், கிடைத்தளத்துக்கு 30° மேல்நோக்கி எறியப்படுகிறது. கட்டடத்தின் அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் தரையைத் தொடும்? g = 10 மீ/வி², காற்றுத்தடை இல்லை.

கூறு பிரிப்பதில் எனக்குப் பிரச்சினை வரவில்லை. கிடைத்தளக் கூறு 20 cos 30° = 17.3, செங்குத்துக் கூறு 20 sin 30° = 10.

தேர்வில் நான் எழுதியது R = u² sin 2θ / g. விடை 34.6 மீட்டர். ‘தூரம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாக நெடுக்கத்தின் சூத்திரத்துக்குப் போய்விட்டது. அந்தச் சூத்திரம், எறிந்த அதே மட்டத்தில் வந்து விழும் பொருளுக்கு மட்டும்தான். அதில் உயரத்துக்கு இடமே இல்லை. கேள்வியில் கொடுத்த 15 என்ற எண்ணை நான் எங்குமே பயன்படுத்தவில்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். உண்மையில் 34.6 என்பது பந்து மேலே போய்விட்டு மறுபடி கட்டட உச்சியின் மட்டத்துக்கு வரும் இடம். அங்கே பந்து இன்னும் தரையிலிருந்து 15 மீட்டர் மேலே இருக்கிறது.

விடைத்தாள் கொடுத்த அன்று ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். “சமன்பாடெல்லாம் போர்டுல எழுதித்தானே போட்டேன்? பார்த்துப் போடு” என்று அனுப்பிவிட்டார். எழுதிப் போட்டது உண்மைதான். எதை எப்போது எடுப்பது என்பதுதான் அதில் இல்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

வீட்டுக்கு வந்து இரண்டாவது தடவை போட்டேன். பந்து தரையில் விழுந்ததும் நின்றுவிடும், ஆகவே இறுதித் திசைவேகம் 0 என்று எடுத்துக்கொண்டேன். v = u + at-இல் போட்டால் 0 = 10 − 10t, t = 1. தூரம் 17.3 மீட்டர். இது முதல் விடையில் சரிபாதி. அந்த ஒற்றுமையைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கலாம், பார்க்கவில்லை. செங்குத்துத் திசைவேகம் 0 ஆவது பாதையின் உச்சியில். நான் கண்டுபிடித்தது பந்து உச்சிக்குப் போன நேரம். தரையைத் தொடும் கணத்துக்கு முன்பு வரைதான் இந்தச் சமன்பாடுகள் செல்லும். தரை பந்தை நிறுத்துவது வேறு விசையின் வேலை, அந்த நேரத்தில் முடுக்கம் g அல்ல.

மூன்றாவது தடவைதான் என்னை அதிகம் குழப்பியது. நண்பன் ஒருவன், “v² = u² + 2as போடு, அதுல t வேண்டாம், ஈஸி” என்றான். போட்டேன். v² = 400 + 2 × 10 × 15 = 700, v = 26.5 மீ/வி. புத்தகத்தின் பின்னால் விடையில் தரையைத் தொடும் வேகம் அதேதான் இருந்தது! சரி, வழி கிடைத்துவிட்டது என்று அதையே v = u + at-இல் கொண்டுபோய்ப் போட்டால் t = 0.65 விநாடி, தூரம் 11.2 மீட்டர். உச்சிக்குப் போகவே 1 விநாடி ஆகும் பந்து, 0.65 விநாடியில் எப்படித் தரைக்கு வரும்?

வேகம் மட்டும் சரியாகவும் நேரம் தவறாகவும் வந்தது ஏன் என்று யோசித்ததில்தான் பெரிய விஷயம் பிடிபட்டது. 20 என்பது முழு வேகம், சாய்வானது. அதை அப்படியே v² = u² + 2as-இல் போட்டாலும் இறுதி வேகம் சரியாக வரும். ஏனென்றால் கிடைத்தளக் கூறின் வர்க்கமான 300 இரண்டு பக்கமும் மாறாமல் இருக்கிறது, கூடுவது செங்குத்துப் பங்கு மட்டும். ஆற்றல் மாறாமை சொல்வதும் அதுதான். ஆனால் v = u + at அப்படி அல்ல. அது திசை சார்ந்தது, ஒரு நேர்கோட்டில் உள்ள கூறுகளுக்கு மட்டும் பொருந்தும். சாய்ந்த 20-ஐயும் சாய்ந்த 26.5-ஐயும் கழித்து 10-ஆல் வகுத்தால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. குறுக்கு வழியில் ஒரு பாதி சரியாக வந்தால் மறுபாதியையும் நம்பிவிடாதீர்கள்.

நான்காவது தடவை கூறுகளை ஒழுங்காகப் பிரித்து, செங்குத்துக்கு s = ut + ½at² எடுத்தேன். 15 = 10t − 5t². சுருக்கினால் t² − 2t + 3 = 0. வர்க்கமூலத்துக்குள் 4 − 12 = −8. விடையே இல்லை. நோட்டை மூடிவிட்டேன்.

மறுநாள் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். அவர் என் வரிகளைப் படிக்கக்கூட இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தார். இடது பக்கம் கிடைத்தளம், வலது பக்கம் செங்குத்து.

“s, u, v, a, t, அஞ்சையும் வலது பக்கம் எழுது. தெரிஞ்சதை மட்டும் நிரப்பு. மேல்நோக்கி ப்ளஸ்.”

எழுதினேன். u = 10, a = −10, v தெரியாது, t தெரியாது. s என்ற இடத்தில் 15 என்று எழுதினேன்.

“பந்து கிளம்பின இடத்துக்கு மேலயா போய் முடியுது?”

“இல்லக்கா, கீழ.”

“அப்போ 15-க்கு முன்னால என்ன வரணும்?”

அவ்வளவுதான். s என்பது உயரம் அல்ல, இடப்பெயர்ச்சி. தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் எங்கே என்பதுதான் அது. −15. நான் 15 என்று போட்டபோது, பந்து கட்டட உச்சிக்கு மேலே இன்னும் 15 மீட்டர் ஏறும் நேரத்தைக் கேட்டிருக்கிறேன். செங்குத்துத் திசைவேகம் 10 உள்ள பந்து அதிகபட்சம் 5 மீட்டர்தான் ஏறும். அதனால்தான் வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்தது. அது கணிதக் கோளாறு அல்ல, ‘இந்தப் பந்து அங்கே போகவே போகாது’ என்று கணக்கு சொன்ன பதில். இப்போதெல்லாம் அப்படி வந்தால் முதலில் s-இன் குறியைத்தான் பார்க்கிறேன்.

அடுத்து அக்கா சொன்னதுதான் சமன்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை. ஐந்தில் மூன்று தெரிந்தால் போதும். நான்காவது, நமக்கு வேண்டியது. மிச்சம் ஒன்று இருக்கும், அது தெரியவும் தெரியாது, வேண்டவும் வேண்டாம். அந்த ஒன்று இல்லாத சமன்பாட்டை எடுக்க வேண்டும். v = u + at-இல் s இல்லை. v² = u² + 2as-இல் t இல்லை. s = ut + ½at²-இல் v இல்லை. s = ½(u + v)t-இல் a இல்லை. இங்கே தெரிந்தவை s, u, a. வேண்டியது t. வேண்டாதது v. ஆகவே மூன்றாவது. நான்காவது தடவை நான் எடுத்ததும் இதே சமன்பாடுதான், குறி ஒன்றுதான் தப்பு.

−15 = 10t − 5t², அதாவது t² − 2t − 3 = 0. t = 3 அல்லது −1. எறிந்த பிறகு என்பதால் 3 விநாடி. இடது பக்கத்தில் முடுக்கம் 0, ஆகவே அங்கே x = u_x t தவிர வேறு சமன்பாடே கிடையாது. 17.3 × 3 = 52 மீட்டர். தாளின் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது t ஒன்றுதான். ஒரு பக்கத்து எண்ணை மறுபக்கம் கொண்டுபோக வேண்டுமென்றால் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

இருபடிச் சமன்பாடு பிடிக்காதவர்களுக்கு இன்னொரு பாதை உண்டு. முதலில் t இல்லாததை எடுத்து v² = 100 + 300 = 400 என்று கண்டுபிடித்து, பிறகு v = u + at. ஆனால் வர்க்கமூலம் எடுக்கும்போது +20, −20 இரண்டும் வரும், பந்து கீழே இறங்குவதால் −20-தான் சரி. −20 = 10 − 10t என்றால் t = 3. கால்குலேட்டர் காட்டும் +20-ஐயே போட்டால் t = −1. மேலே தள்ளுபடி செய்த அதே மூலம்! பந்து தரையிலிருந்தே இந்தப் பாதையில் கிளம்பியிருந்தால், 20 மீ/வி செங்குத்துத் திசைவேகத்தோடு 1 விநாடிக்கு முன் கிளம்பியிருக்கும் என்பது அதன் பொருள்.

தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து புத்தகத்தின் அடுத்த கணக்கைப் பார்த்தேன். 45° கோணத்தில் எறிந்த பந்து, 60 மீட்டர் தள்ளி, எறிந்த மட்டத்தைவிட 15 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு தளத்தில் விழுகிறது. எறிந்த வேகம் என்ன? வலது பக்கத்தில் நிரப்பினால் s = 15, a = −10, அவ்வளவுதான். மூன்று தெரிய வேண்டிய இடத்தில் இரண்டுதான் தெரிகிறது. பழைய நானாக இருந்தால் ஒவ்வொரு சமன்பாடாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன். இந்தத் தடவை, வலது பக்கத்தை மட்டும் வைத்து முடிக்க முடியாது என்று எண்ணிக்கையே சொல்லிவிட்டது. இடது பக்கத்தில் u_x t = 60. கோணம் 45° என்பதால் u_y-யும் u_x-ஐப் போலவேதான், ஆகவே u_y t-யும் 60. அதை அப்படியே s = ut + ½at²-இல் ut இருக்கும் இடத்தில் வைத்தேன். 15 = 60 − 5t². t = 3. u_x = 20, u_y = 20, எறிந்த வேகம் 28.3 மீ/வி.

கடைசியாக v = u + at-இல் போட்டுப் பார்த்தேன். 20 − 30 = −10. தளத்தைத் தொடும்போது பந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. மேலேயிருந்து வந்துதான் அதில் விழ முடியும். பின்பக்க விடையைப் பார்க்காமலே நோட்டில் டிக் போட்டேன்.