36,000 பெட்டிகள்: சாத்தூரிலிருந்து ஒரு நாட்குறிப்பு

பிப்ரவரி 10, 2025

மார்ச் முடிவதற்குள் பெட்டி விலையைப் பேசிவிட வேண்டும். எட்டு ஆண்டுகளாகச் சிவகாசி அண்ணாச்சியிடம்தான் அட்டைப்பெட்டி வாங்குகிறேன். தேவைப்படும்போது போன் செய்வேன், ஆயிரமோ இரண்டாயிரமோ சொல்வேன், வரும். இத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூட ஆண்டுக்கு மொத்தம் எத்தனை வாங்குகிறோம் என்று நான் கூட்டிப் பார்த்ததில்லை.

இன்று பில் கோப்பை எடுத்து உட்கார்ந்தேன். சேவு, மிக்சர், காராபூந்தி மூன்றுக்குமான ஐந்து கிலோ பெட்டிகள் மட்டும் கடந்த பன்னிரண்டு மாதத்தில் 41,600. அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 37,200. விலை பெட்டிக்கு 24 ரூபாய், வரி தனி. தீபாவளி வந்த அக்டோபரில் 6,400 வாங்கியிருக்கிறேன். மே மாதத்தில் வெறும் 1,900.

பிப்ரவரி 13

எத்தனைக்கு வாக்குக் கொடுப்பது? 42,000 என்று சொன்னால் கேட்பதற்கு எடுப்பாக இருக்கும். ஆனால் மழை இரண்டு வாரம் கூடுதலாகப் பெய்து வெளியூர்க் கடைகள் சரக்கு எடுக்காமல் போனால் அந்த எண் என் கழுத்தைப் பிடிக்கும். இரண்டு ஆண்டுகளில் குறைவானது 37,200. அதற்கும் கொஞ்சம் கீழே, 36,000 என்று முடிவு செய்தேன். மாதம் சராசரி 3,000. அதற்கு மேல் வாங்குவதெல்லாம் அவருக்கு எதிர்பாராத லாபமாக இருக்கட்டும். கொடுத்த எண்ணை எட்ட முடியாமல் போனால் அடுத்த ஆண்டு நான் சொல்லும் எந்த எண்ணையும் அவர் நம்ப மாட்டார்.

பிப்ரவரி 19

வேறொரு பெட்டிக்காரரிடமும் விலை கேட்டிருந்தேன். 22 ரூபாய் 50 காசு என்று மாதிரிப் பெட்டியோடு அனுப்பினார். கையில் எடுத்ததுமே லேசாக இருப்பது தெரிந்தது. பொட்டலம் நிறுக்கும் தராசில் வைத்தேன்: 370 கிராம். அண்ணாச்சியின் பெட்டி 420 கிராம். கிராமுக்குக் கணக்குப் போட்டால் புதியவருடையதுதான் விலை கூடுதல். அட்டை மெலிந்தால் லாரியில் ஆறாவது அடுக்கின் கீழே இருக்கும் பெட்டி நசுங்கும். நசுங்கினால் சேவு நொறுங்கித் தூளாகும். அந்த விலையைக் காட்டி அண்ணாச்சியிடம் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. அவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே பதில் சொல்லிவிடுவார்.

மார்ச் 3

சிவகாசி போய் வந்தேன். "ஆண்டுக்கு 36,000 பெட்டி உறுதியாக எடுத்துக்கொள்கிறேன், அண்ணாச்சி. பத்து சதவீதம் குறைத்துத் தாருங்கள்" என்று நேரடியாகவே கேட்டேன்.

அவர் உடனே மறுக்கவில்லை. ஆனால் சொன்னது என்னை நிறுத்தியது. "அம்மா, ஆண்டுக்கு எத்தனை என்பது உங்கள் கணக்கு. ஒரு தடவை மெஷினில் ஏற்றினால் எத்தனை ஓடும் என்பதுதான் என் கணக்கு."

உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். என் மூன்று பெட்டிகளும் ஐந்து கிலோவுக்குத்தான். ஆனால் ஒவ்வொன்றும் அரை அங்குலம் வேறுபடுகிறது, அச்சும் வேறு. எந்தக் காலத்திலோ ஏதோ காரணத்துக்காக அப்படி அமைந்துவிட்டது. அளவு மாறும்போதெல்லாம் மடிப்புக்கோடு போடும் உருளையையும் வெட்டும் கத்தியையும் நகர்த்தி, ரப்பர் அச்சைக் கழற்றி மாட்டி, சில பத்துத் தாள்களை ஓட்டிப் பார்த்துக் கழிக்க வேண்டும். ஐந்நூறு பெட்டிக்கும் ஐயாயிரம் பெட்டிக்கும் இந்த வேலை ஒன்றுதான்.

பிறகு காகித ரீலைத் தொட்டுக் காட்டினார். என் பெட்டிக்கு வேண்டிய அகலம் 22 அங்குலம். அவரிடம் இருப்பது எல்லோருக்கும் பொதுவான 24 அங்குல ரீல். இரண்டு அங்குலம் நாடா நாடாவாக வெட்டுப்பட்டுத் தரையில் விழுகிறது. பன்னிரண்டில் ஒரு பங்கு! அந்தக் குவியலைக் காலால் தள்ளிக்கொண்டே, "இதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் தருகிறீர்கள்" என்றார். காகித ஆலையில் தனி அகலத்தில் வெட்டித் தரச் சொன்னால் டன் கணக்கில் எடுக்க வேண்டும். என் 36,000 பெட்டியும் ஒரே அளவாக இருந்தால் சுமார் பதினைந்து டன் காகிதம். அப்போது அவர் துணிந்து ஆர்டர் போடலாம்.

மார்ச் 8

மூன்று பொட்டலங்களையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தோம். சேவுப் பெட்டியின் அளவு மூன்றுக்கும் பொருந்துகிறது. காராபூந்தி மட்டும் மேலே சற்று இடம் விடுகிறது. ஓர் அட்டைத்துண்டு வைத்தால் ஆடாது. அச்சும் இனி ஒன்றே. பக்கவாட்டில் மூன்று சிறு கட்டங்கள். உள்ளே இருக்கும் பண்டத்துக்கு உரிய கட்டத்தில் மார்க்கரால் குறியிட்டால் போதும்.

மார்ச் 14

மறுபடியும் சிவகாசி. ஒரே அளவு, ஒரே அச்சு என்றதும் அண்ணாச்சியின் முகமே மாறியது. பத்து சதவீதம் கிடைக்கவில்லை, ஏழு கிடைத்தது. நான்கு சதவீதம் ஒவ்வொரு பில்லிலும் கழியும். மீதி மூன்று, ஆண்டு முடிவில் 36,000 எட்டியிருந்தால் கிரெடிட் நோட்டாக வரும். முழுவதையும் பில்லிலேயே கேட்கலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் பாதியில் நின்றுவிட்டால் அவர் ஏமாறுவாரே, அது நியாயமில்லை. 24 ரூபாயில் கணக்குப் பார்த்தால் 36,000 பெட்டிக்கு மொத்தம் 60,480 ரூபாய் மிச்சம்.

விலையை ஓராண்டுக்கு அப்படியே கட்டிவைக்க நான் கேட்கவில்லை. பெட்டியின் அடக்கவிலையில் பெரும்பங்கு காகிதம். அது ஏறினால் அவரால் தாங்க முடியாது. தாங்க முடியாதவர் அட்டையைத்தான் மெலிய வைப்பார். எனவே ஆலை விலை கிலோவுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் நகர்ந்தால் மட்டும் பெட்டி விலை மாறும்: அப்போது கிலோவுக்கு ஏறிய ஒவ்வொரு ரூபாய்க்கும் பெட்டிக்கு 45 காசு, இறங்கினாலும் அதே 45 காசு. பெட்டிக்கு 450 கிராம் காகிதம் என்று கணக்கு: பெட்டியில் இருப்பது 420 கிராம், மீதி கழிவுக்கு.

மார்ச் 21

ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டோம். ஆடிட்டர் ஒன்றை வற்புறுத்தினார்: ஆண்டு முடிவில் தரும் தள்ளுபடியைச் சரக்கு வருவதற்கு முன்பே எழுத்தில் வைத்து, எந்தெந்தப் பில்லுக்கு என்று பிறகு காட்ட முடிய வேண்டும், அப்போதுதான் அண்ணாச்சி அந்தத் தொகைக்கான ஜி.எஸ்.டி.யைக் குறைக்க முடியும், நாமும் அந்த வரிக்கு எடுத்த வரவைத் திருப்ப வேண்டும்.

நீண்ட பேச்சு நடந்தது அண்ணாச்சியிடம் தேங்கும் பெட்டியைப் பற்றித்தான். என் பெயர் அச்சிட்ட பெட்டி வேறு யாருக்கும் ஆகாது. அவர் ஒரே ஓட்டத்தில் 6,000 அடித்து வைப்பார். நான் கேட்கக் கேட்க அனுப்புவார். அடித்த பெட்டியை 60 நாளுக்குள் நான் எடுத்தே ஆக வேண்டும். ஆண்டுக் கணக்கில் குறைந்தால் அபராதம் இல்லை; அந்த மூன்று சதவீதம் போகும், அடித்து வைத்திருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதிரிப் பெட்டியில் இருவரும் கையெழுத்திட்டு என் அலமாரியின் மேல் வைத்திருக்கிறேன். எடை 420 கிராம், ஐந்து சதவீதம் கூடலாம் குறையலாம்.

ஜூலை 18

காகிதம் கிலோவுக்கு மூன்று ரூபாய் ஏறியிருக்கிறது என்று அண்ணாச்சி ஆலை பில்லின் நகலை அனுப்பினார். மூன்று 45 காசு, ஒரு ரூபாய் 35 காசு. பேச்சே தேவைப்படவில்லை, சரி என்று பதில் அனுப்பினேன்.

இன்று வந்த பெட்டிக் கட்டின் நடுவிலிருந்து பத்துப் பெட்டிகளை உருவி நிறுத்தேன். மேலே இருப்பதை மட்டும் நிறுத்தால் ஈரக்காற்று பட்டுக் கனம் கூடுதலாகக் காட்டும். பத்தும் சேர்ந்து நான்கு கிலோ 180 கிராம்.

ஏப்ரல் முதல் இதுவரை 10,700 எடுத்திருக்கிறேன். தீபாவளி அக்டோபர் 20. ஆகஸ்ட் கடைசிக்குள் 6,000 பெட்டியை அடித்துத் தயாராக வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கான 22 அங்குல ரீல் வந்து இறங்கிவிட்டது என்றார்.